ஒரே நிறுவனத்தின் இரண்டு குழுக்கள் அழைத்தால்

ஒரு நிறுவனத்தில் நேர்காணல் நடந்துகொண்டிருக்கும்போது அதே நிறுவனத்தின் வேறொரு குழுவுக்காக இன்னொரு ரெக்ரூட்டர் தொடர்புகொண்டால், அவருக்கு அனுப்பும் முதல் பதிலிலேயே முந்தையவரின் பெயர், வேலை எண், எந்தக் கட்டம் முடிந்திருக்கிறது ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். முந்தையவருக்கும் அன்றே தெரிவியுங்கள். இரண்டாமவருக்கு, “தங்கள் நிறுவனத்தின் பேமென்ட்ஸ் குழுவில் இன்ன எண்ணுள்ள வேலைக்காக இன்னாருடன் பேசிவருகிறேன், முதல் சுற்று செவ்வாயன்று முடிந்தது, இந்த வேலையிலும் ஆர்வம் உண்டு, எப்படித் தொடரலாம் என்று இருவரும் கலந்து சொல்லுங்கள்” என்ற அளவே போதும்.

பெரும்பாலான நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு மென்பொருளில் உங்கள் மின்னஞ்சல் முகவரியின் கீழ் ஒரே பதிவுதான் இருக்கும் என்பதால், நீங்கள் சொல்லாவிட்டாலும் இது பின்னர் தெரியவரும், அப்போது மறைத்ததாகத் தோன்றும். முன்பே சொன்னால், எழுதிய கோடிங் தேர்வையே மீண்டும் எழுதவைக்காமல் அந்த மதிப்பெண்ணை இரண்டாவது குழுவும் ஏற்கக்கூடும். இரண்டு விண்ணப்பங்களுக்கும் ஒரே மின்னஞ்சலைக் கொடுப்பதும் அவசியம்.

முந்தைய தொடர்பு நீங்கள் பதிலளிக்காத பொது அழைப்பாக இருந்தால் இது தேவையில்லை. அழைப்பவர் வெளி கன்சல்டன்சியைச் சேர்ந்தவரானால் பேசிவரும் ரெக்ரூட்டரின் பெயரைத் தராமல், அங்கே ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டதாகக் கூறி, ரெஸ்யூமை அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். இருவழியாகச் சென்றால் கமிஷன் தகராறு வந்து விண்ணப்பமே நின்றுபோகலாம்.