ஆய்வுரையில் ஒரு கூற்றை எவ்வளவு உறுதியாகச் சொல்வது: ஒரே வாக்கியத்தைத் திருத்திப் பார்க்கும் செய்முறை

ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்குபவர்களின் முதல் வரைவு, கையிலிருக்கும் சான்று தாங்காத அளவுக்கு உறுதியாகப் பேசும். நெறியாளர் அதைச் சுட்டிக்காட்டியதும் அடுத்த வரைவில் ஏறத்தாழ எல்லா வாக்கியங்களின் முடிவிலும் 'கூடும்', 'எனலாம்', 'எனத் தோன்றுகிறது' என்று ஒட்டப்பட்டிருக்கும். எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது முதல் வரைவைப் படித்தவருக்கும் தெரியவில்லை, இரண்டாவது வரைவைப் படித்தவருக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் எனப்படும் மட்டுப்படுத்தும் சொற்களைக் கட்டுரை முழுவதும் தூவுவதால் பயனில்லை. எந்த இடத்தில் ஐயம் இருக்கிறதோ அந்த இடத்தில், அந்த ஐயத்திற்கு உரிய சொல்லை வைக்க வேண்டும். அதை ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

பயிற்சிக்காகக் கற்பனையாக ஓர் ஆய்வை அமைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியில் 84 மாணவர்களிடம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று வினாத்தாள் மூலம் கேட்கப்பட்டது. 31 பேர் 6 மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்குவதாக எழுதினார்கள். அந்தப் பருவத் தேர்வில் அவர்களுடைய சராசரி மதிப்பெண் 58. மற்ற 53 பேருடையது 66. அனைவருக்குமான சராசரி 63. இந்தத் தரவைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் எழுதிய வாக்கியம் இது:

> தூக்கமின்மையே மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்பதை இவ்வாய்வு நிரூபிக்கிறது.

படி 1: கண்டதையும் கருதியதையும் பிரியுங்கள்

முதலில், உங்கள் தரவில் நேரடியாக உள்ளது எது, அதிலிருந்து நீங்கள் ஊகித்தது எது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். 31 பேர் அவ்வாறு எழுதினார்கள் என்பதும், அவர்களுடைய சராசரி 58 என்பதும் கண்டவை. அவற்றுக்கு எந்த மட்டுப்படுத்தலும் தேவையில்லை. 'சராசரி 58 ஆக இருந்திருக்கலாம்' என்று எழுதினால், கூட்டி வகுத்துப் பார்த்ததிலேயே உங்களுக்கு ஐயம் இருப்பதாகத்தான் பொருள்படும். ஆய்வு முறையையும் முடிவுகளையும் சொல்லும் பகுதிகளில் பெரும்பாலான வாக்கியங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், அங்கே நேரடியான இறந்தகால வினைமுற்றே போதும். மட்டுப்படுத்தும் சொற்களுக்கு உண்மையான வேலை கலந்துரையாடல் பகுதியில்தான் தொடங்குகிறது.

படி 2: ஐயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெயரிட்டுச் சொல்லுங்கள்

மேலே உள்ள வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பாருங்கள். 'மாணவர்களின்' என்னும் சொல் உலகத்தில் உள்ள எல்லா மாணவர்களையும் உள்ளடக்குகிறது. உங்களிடம் இருப்பதோ ஒரு கல்லூரியின் 84 பேர். 'குறைக்கிறது' என்னும் வினை விதிவிலக்கே இல்லை என்பதைப்போல் பேசுவதோடு, தூக்கம் காரணம் மதிப்பெண் விளைவு என்றும் தீர்ப்பளித்துவிடுகிறது. 'தூக்கமின்மையே' என்பதில் ஒட்டியிருக்கும் ஏகாரம் இவை அனைத்தையும் விடப் பெரிய கூற்றைச் செய்கிறது: வேறு காரணமே இல்லை என்கிறது. தமிழில் ஏகாரமும் 'தான்' என்பதும் பேச்சுப் பழக்கத்தில் நம்மை அறியாமலேயே வந்து ஒட்டிக்கொள்பவை. இவற்றைத் தேடிப் பார்க்காமல் வாக்கியத்தின் முடிவில் மட்டும் 'கூடும்' சேர்ப்பவர்களின் கட்டுரையில், முன்பாதி அடித்துச் சொல்லும், பின்பாதி தயங்கும்.

ஆக, இங்கே இருப்பவை மூன்று தனித்தனி ஐயங்கள்: யாரைப் பற்றிப் பேசுகிறோம், எத்தனை முறை அப்படி நடக்கிறது, எது எதற்குக் காரணம். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலாவதற்கு மட்டுப்படுத்தும் சொல்லே வேண்டாம். 'இவ்வாய்வில் பங்கேற்ற மாணவர்களிடையே' என்று எல்லையைச் சொல்லிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடுகிறது.

படி 3: போக்கைச் சொல்லும் வடிவம்

ஆங்கிலக் கட்டுரைகளில் 'டெண்ட்ஸ் டு' என்று வருவது இரண்டாவது ஐயத்திற்கு உரியது. பல நேர்வுகளைப் பார்த்தோம், அவற்றில் பெரும்பகுதி ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஆனால் சில சாயவில்லை என்னும் செய்தியை அது தருகிறது. தமிழில் 'போக்கு காணப்படுகிறது', 'பெரும்பாலும்', 'பொதுவாக' ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன.

இந்த வடிவத்தைப் பயன்படுத்தும் முன் தரவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விதிவிலக்குகள் எத்தனை? நம் எடுத்துக்காட்டில், குறைவாகத் தூங்கிய 31 பேரில் 22 பேர் 63க்குக் கீழேயும் 9 பேர் அதற்கு மேலேயும் மதிப்பெண் பெற்றதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஏழு பேர் ஒரு பக்கம் இருப்பதால் 'போக்கு' என்னும் சொல்லைத் தரவு தாங்கும். மாறாக 16 பேர் கீழே, 15 பேர் மேலே என்று இருந்து, ஒரு சிலர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதால் மட்டும் சராசரி 58க்கு இறங்கியிருந்தால், 'போக்கு' என்பது தவறான சொல்லாகிவிடும். சராசரி குறைவு என்பதும் பெரும்பாலோர் குறைவாகப் பெற்றனர் என்பதும் ஒன்றல்ல. ஒரே ஒரு நேர்வைப் பற்றிப் பேசும்போதும் இந்த வடிவம் பொருந்தாது. ஒரு முறை நடந்ததற்குப் போக்கு ஏது?

படி 4: நிகழ வாய்ப்பைச் சொல்லும் வடிவம்

'இஸ் லைக்லி டு' என்பது வேறு வகை. நாம் நேரில் காணாத ஒன்றைப் பற்றி, அது உண்மையாக இருப்பதற்கே அதிக இடம் உண்டு என்று மதிப்பிடுகிறது. அதற்குத் தமிழில் 'வாய்ப்பு மிகுதி' என்று எழுத வேண்டும். வெறுமனே 'வாய்ப்புள்ளது' என்றால் 'நடக்கலாம், நடக்காமலும் போகலாம்' என்ற அளவில்தான் நிற்கிறது. மொழிபெயர்ப்புகளில் இந்த இரண்டும் கலந்துவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

இந்த வேறுபாட்டை எண்ணாலேயே வரையறுத்துக்கொண்டவர்களும் உண்டு. அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளில், 'லைக்லி' என்றால் நிகழ்தகவு 66 முதல் 100 விழுக்காடு, 'வெரி லைக்லி' என்றால் 90க்கு மேல், 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றால் 95க்கு மேல் என்பது வரையறை. அண்மைக் கால வெப்ப உயர்வுக்கு மனிதச் செயல்பாடு முதன்மைக் காரணம் என்பதை 2013ஆம் ஆண்டு அறிக்கை 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்று சொன்னது. 2021ஆம் ஆண்டு அறிக்கையோ, மனிதச் செயல்பாடு புவியை வெப்பமாக்கியுள்ளது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை என்று எழுதியது. இரண்டும் துல்லியமாக ஒரே கூற்று அல்ல என்றாலும், சான்று வலுக்கும்போது மட்டுப்படுத்தும் சொல்லைக் கழற்றிவிடுவதும் கவனமான எழுத்தின் பகுதியே என்பதற்கு இது நல்ல சான்று.

நம் ஆய்வில் இந்த வடிவத்திற்கு இடம் இருக்கிறதா? மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. ஆனால் தூக்க நேரத்தைப் பற்றி இருக்கிறது. 84 பேரில் 77 பேர் 5, 6, 7 என்று முழு எண்களாகவே எழுதியிருந்தால், யாரும் துல்லியமாக முழு மணிக்கணக்கில் தூங்குவதில்லை ஆதலால், 'பங்கேற்பாளர்கள் தங்கள் தூக்க நேரத்தைத் தோராயமாக்கி எழுதியிருக்க வாய்ப்பு மிகுதி' என்று சொல்லலாம். அந்த மிகுதிக்கு அந்த 77 சான்றாக நிற்கிறது. சான்று எதுவும் கைவசம் இல்லாமல், நடந்திருக்க முடியும் என்பதை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் 'கூடும்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படி 5: 'லாம்', 'கூடும்' ஆகியவற்றின் பொறிகளைப் பாருங்கள்

'மாணவர்கள் தேர்வுக்கு முன் குறைவாகத் தூங்கலாம்' என்று எழுதினால், அது ஊகமா அனுமதியா என்று வாசகர் திகைப்பார். 'லாம்' இரண்டையும் சுமப்பதால் ஊகத்திற்கு 'தூங்கக்கூடும்' என்பதே தெளிவானது. ஆனால் 'கூடும்' என்பதை எதிர்மறையாக்கும்போது கவனம் வேண்டும். 'தூங்கக்கூடாது' என்றால் அது தடை, ஊகம் அன்று. எதிர்மறை ஊகத்தைச் சொல்ல 'தூங்காமல் இருக்கக்கூடும்' என்றோ, வலுவாகச் சொல்ல வேண்டுமானால் 'தூங்கியிருக்க வாய்ப்பு குறைவு' என்றோ எழுத வேண்டும். இரண்டும் ஒரே வலிமை உடையவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: காரணத்தைப் பற்றிய ஐயத்தைத் திறந்து சொல்லுங்கள்

ஒரே நேரத்தில் எடுத்த வினாத்தாள் ஆய்வு, இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதைக் காட்டும். எது எதை உண்டாக்கியது என்று காட்டாது. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்குத் தூக்கமும் குறையும், படிக்கும் நேரமும் குறையும். ஆகவே 'நிரூபிக்கிறது' என்பதை 'சுட்டுகிறது' என்று மாற்றினால் மட்டும் போதாது. 'குறைக்கிறது' என்னும் காரண வினை உள்ளே அப்படியே இருக்கும்வரை கூற்றின் சாரம் மாறுவதில்லை. வினையை மாற்றிவிட்டு, மாற்று விளக்கத்தையும் பெயர் சொல்லி எழுதுவதே நேர்மையானது. ஏகாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உம்மையை வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து. திருத்திய வடிவம் இப்படி அமையும்:

> இவ்வாய்வில் பங்கேற்ற 84 மாணவர்களில், 6 மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்குவதாகத் தெரிவித்த 31 பேரின் சராசரி மதிப்பெண் 58, மற்றவர்களுடையது 66. குறைவாகத் தூங்கியவர்கள் ஒட்டுமொத்தச் சராசரிக்குக் கீழே நிற்கும் போக்கு காணப்பட்டாலும், 9 பேர் அதற்கு மேலே இருந்தனர். தூக்கக் குறைவும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். பகுதிநேர வேலை போன்ற வேறொரு சூழல் தூக்கத்தையும் படிக்கும் நேரத்தையும் ஒருங்கே குறைத்திருக்கவும் கூடும்.

முதல் வாக்கியத்தில் மட்டுப்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் போக்கைச் சொல்லும் வடிவம் ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே விதிவிலக்கின் எண்ணிக்கை. மூன்றாவதில் ஒரு 'கூடும்', நான்காவதில் ஒரு 'கூடும்', ஒவ்வொன்றும் தனித்தனி விளக்கத்திற்கு.

படி 7: இரட்டிப்பை நீக்கி, சுருக்கத்தையும் சரிபாருங்கள்

'ஒருவேளை காரணமாக இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது என்று கருதலாம்' போன்ற வாக்கியத்தில் ஒரே ஐயம் நான்கு முறை சொல்லப்படுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள். 'எனக் கூறப்படுகிறது' என்று வந்தால், கூறுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அது சான்றில்லாத கூற்றுக்குப் போட்ட திரைதான்.

கடைசியாக ஆய்வுச் சுருக்கத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே அளவோடு எழுதியவர்களும், இடம் போதவில்லை என்பதால் இங்கே மட்டுப்படுத்தும் சொற்களை வெட்டிவிட்டு 'தூக்கக் குறைவு மதிப்பெண்ணைக் குறைக்கிறது' என்று பழைய வாக்கியத்துக்கே திரும்பிவிடுவது உண்டு; பலர் படிப்பதோ சுருக்கத்தை மட்டும்தான். இடம் குறைவு என்றால் 'ஒரு கல்லூரியின் 84 மாணவர்களிடையே, குறைந்த தூக்கமும் குறைந்த மதிப்பெண்ணும் சேர்ந்து காணப்பட்டன' என்று எழுதுங்கள். சில சொற்கள்தான் கூடுகின்றன.