கண்ணுக்குத் தெரியாத பக்கம்: ஸ்கேன் பிடிஎஃப்பைத் தேடத்தக்கதாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றை, படத்திலுள்ள எழுத்தை அறியும் ஓசிஆர் வழியாகத் தேடத்தக்கதாக மாற்றிய பின், பெரும்பாலோர் அதைத் திறந்து சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். மற்ற தவறுகளையெல்லாம் மறைத்து வைக்கும் முதல் தவறு இதுதான். அத்தகைய கோப்பில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது: நாம் பார்ப்பது பழைய படம், தேடல் பெட்டி பார்ப்பதோ அந்தப் படத்தோடு கண்ணுக்குத் தெரியாத வகையில் பதிக்கப்பட்ட எழுத்து. எழுத்தடுக்கில் வெறும் குப்பை இருந்தாலும் படம் துல்லியமாகவே தெரியும். ஆகவே கோப்பைக் கண்ணால் சரிபார்ப்பதில் பயனில்லை. எழுத்தடுக்கைப் பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தில் என்ன பதிந்திருக்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
pdftotext -f 37 -l 37 malar-ocr.pdf -
```

இதன் பின்னணியில் நான் கையாண்ட கோப்பு ஒன்றைச் சொல்கிறேன். 1968இல் அச்சான ஓர் ஊர் நூலக ஆண்டு மலரை யாரோ ஸ்கேன் செய்திருந்தார்கள். மலரின் 84 பக்கங்களுக்கு முன்னால், பிற்காலத்தில் கணினியில் தட்டச்சு செய்த 4 பக்க முன்னுரை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. இதற்கு நான் பயன்படுத்தியது `ocrmypdf` என்னும் இலவச மென்பொருள்; எழுத்தை அறியும் வேலையை அதற்காகச் செய்வது டெசராக்ட்.

மொழியைக் குறிப்பிடாவிட்டால் இந்த மென்பொருள் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்கிறது. தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தாலும் அது எந்தப் பிழைச் செய்தியும் தராமல், ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் ஏதேனும் ஓர் ஆங்கில எழுத்தாகக் கருதிப் பதித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுவிடும். `tesseract --list-langs` என்று கேட்டால் வரும் பட்டியலில் `tam` இல்லையெனில், உபுண்டுவில் `tesseract-ocr-tam` என்ற பொதியை முதலில் நிறுவ வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த நூலுக்கு `-l tam+eng` என்று கொடுப்பது முறை. ஆனால் ஆங்கிலமே இல்லாத நூலுக்கும் பழக்கத்தால் `eng` சேர்ப்பது நல்லதன்று, ஏனெனில் மங்கிய தமிழ் எழுத்து ஒன்றை ஆங்கிலமாக வாசிப்பதற்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்.

மலரை முதன்முறை ஓட்டியபோது, ஒரு பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று சொல்லி மென்பொருள் நின்றுவிட்டது. இந்த இடத்தில் பலரும் `--skip-text` என்பதைச் சேர்த்து, எழுத்து இருக்கும் பக்கங்களைத் தாண்டச் சொல்லிவிடுவார்கள். ஆங்கில நூல்களுக்குப் பெரும்பாலும் இது போதும். தமிழில் ஒரு பொறி இருக்கிறது: யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில விசை எழுத்துகளே. அந்த நான்கு முன்னுரைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று வந்தது. மென்பொருளின் பார்வையில் அது எழுத்துதான்; எனவே நாம் தாண்டச் சொன்னால் தாண்டிவிடும், முன்னுரை என்றைக்கும் தேடலில் அகப்படாது. `--redo-ocr` என்பதும் இங்கே உதவாது. அது கண்ணுக்குத் தெரியாத பழைய ஓசிஆர் அடுக்கை மட்டுமே நீக்கும், பக்கத்தில் தெரியும் எழுத்தை அப்படியே விட்டுவிடும். இத்தகைய பக்கங்களுக்கு உரியது `--force-ocr`; அது பக்கத்தைப் படமாக மாற்றிவிட்டுப் புதிதாக வாசிக்கிறது. அதை முழுக் கோப்புக்கும் கொடுத்தால், தேவையில்லாத பக்கங்களின் படங்களும் மறுபடி உருவாக்கப்பட்டுத் தரம் குறையக்கூடும் என்பதால், வேலையை இரண்டு படிகளாகப் பிரித்தேன்:

```
ocrmypdf -l tam+eng --force-ocr --pages 1-4 malar.pdf padi1.pdf
ocrmypdf -l tam+eng --skip-text --rotate-pages --deskew padi1.pdf malar-ocr.pdf
```

இரண்டாவது கட்டளையில் உள்ள `--deskew` சாய்ந்த பக்கங்களை நிமிர்த்துகிறது. அதற்காக அதுவும் படத்தைத் திருத்தி எழுதுகிறது என்பதால், மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது.

இனிச் சொல்லப்போவது தமிழுக்கே உரிய சிக்கல். மலரில் எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுவே. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. அச்சில் அதன் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில் ஸ்கேன் செய்யும்போது அது மூன்றரை பிக்சல் அகலம் பெறும். 150 டிபிஐ என்றால் இரண்டு பிக்சல்கூடத் தேறாது. அந்த நிலையில் காகிதத்தின் அழுக்குப் பொட்டுக்கும் புள்ளிக்கும் வேறுபாடு காண்பது இயந்திரத்துக்கு அரிது. ஸ்கேனரில் கறுப்பு-வெள்ளை என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலோ, பொட்டுகளை நீக்கும் துப்புரவு வசதியை இயக்கினாலோ, புள்ளி அழுக்கோடு சேர்ந்து போய்விடக்கூடும். நூலகத்தின் கல்விக் குழு என் முதல் கோப்பில் கலவிக் குழுவாகப் பதிவாகியிருந்தது. அகராதியிலும் இருக்கும் சொல் என்பதால், எழுத்துப்பிழை திருத்தியைக் கொண்டு தேடினாலும் அது சிக்கியிருக்காது.

கோப்பிலுள்ள படங்கள் எத்தனை டிபிஐ என்பதை `pdfimages -list malar.pdf` காட்டும் பட்டியலின் `x-ppi`, `y-ppi` என்னும் இரு பத்திகளில் காணலாம். மலரின் முற்பாதி 300 என்றும் பிற்பாதி 150 என்றும் இருந்தது. பாதியில் யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். குறைந்த பாதியை மென்பொருளால் பெரிதாக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது வீண், ஏனெனில் ஸ்கேனர் பதிவு செய்யாத புள்ளியைப் பெரிதாக்கல் உண்டாக்குவதில்லை. அந்தப் பக்கங்களை 300 டிபிஐயில், சாம்பல் நிற அமைப்பில் மீண்டும் ஸ்கேன் செய்ததும், எழுத்தடுக்கில் கல்விக் குழு தன் புள்ளியோடு திரும்பி வந்தது.

இத்தனைக்குப் பிறகும் ‘தலைவர்’ என்று தேடினால் மலரில் பல இடங்கள் விடுபட்டன. காரணம் ஸ்கேனில் இல்லை. நூலின் வயதில் இருந்தது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்துக் கூட்டிய வடிவிலும் அச்சாயின. இன்றைய எழுத்து வடிவங்களில் பயின்ற டெசராக்ட், அந்தப் பழைய லையை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் வேறிடத்தில் வேறு மாதிரியும் வாசித்தது. டிபிஐயை உயர்த்தியும் இது மாறவில்லை. இத்தகைய நூலில் முழுச் சொல்லைத் தேடி, முடிவு வராவிட்டால் அந்தச் சொல்லே நூலில் இல்லை என்று தீர்மானிப்பது தவறு. ஐயத்துக்குரிய எழுத்தை விலக்கி, ‘சென்னை’ என்பதற்கு ‘சென்’ என்றும், ‘தலைவர்’ என்பதற்கு ‘வர்’ என்பதோடு அவர் பெயரின் ஒரு பகுதியையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிலர் `--sidecar` மூலம் எழுத்தைத் தனிக் கோப்பாகப் பெற்று, அதில் பிழைகளைத் திருத்திவிட்டு, பிடிஎஃப்பும் திருந்திவிட்டதாக எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை, பிடிஎஃப்பின் அடுக்கு பழையபடியே இருக்கும். மலரைப் பொறுத்தவரை நான் திருத்திய எழுத்துக் கோப்பைத் தனியாகவே வைத்திருக்கிறேன்: அதில் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணை எழுதிவிட்டேன், தேடுவது அதில், கிடைத்த பக்கத்தைத் திறந்து பார்ப்பது பிடிஎஃப்பில்.