நிரம்பப்போகும் அமர்வும் இரட்டைப் பதிவும்: விரிதாளில் நிறம் காட்டிக் கண்டுபிடிக்கும் முறை

சென்ற ஆண்டு ஒருநாள் பயிற்சி முகாம் ஒன்றின் பதிவு வேலை என்னிடம் இருந்தது. மின்னூல் ஆக்க அமர்வுக்குக் கணினி ஆய்வகத்தில் 24 இருக்கைகள். பதிவுத் தாளில் 26 வரிகள் சேர்ந்துவிட்டதால், அதற்குப் பிறகு கேட்டவர்களிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம். முகாம் அன்று ஆய்வகத்தில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பதிவு செய்துவிட்டு வராமல் போனவர் ஒருவரும் இல்லை. ஐந்து பேர் இரண்டு முறை பதிந்திருந்தார்கள், அவ்வளவுதான். பெயர் கொடுக்கக் காத்திருந்த ஒருவரை நானே தொலைபேசியில் மறுத்திருந்தேன் என்பதால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் வழியைத் தேடினேன்.

அதில் புரிந்தது இது. அமர்வு நிரம்புகிறதா என்று பார்ப்பதும், யார் இரண்டு முறை பதிந்திருக்கிறார் என்று பார்ப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல. இரட்டைப் பதிவைக் கழிக்காமல் எண்ணினால் நிரம்பாத அமர்வு நிரம்பியதாகத் தெரியும். ஆகவே முதலில் இரட்டைப் பதிவு, பிறகு இருக்கைக் கணக்கு. அந்த வரிசையிலேயே போவோம். கூகுள் ஷீட்ஸ் தாளை வைத்துச் சொல்கிறேன். எக்செலில் எங்கே மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாள்களைத் தயார் செய்தல்

கூகுள் படிவத்தின் விடைகள் வந்து விழும் தாளுக்கு ‘பதிவு’ என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அதில் A நெடுவரிசையில் நேரம், B-யில் பெயர், C-யில் கைபேசி எண், D-யில் ஊர், E-யில் அமர்வு என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் ஒருவர் ஓர் அமர்வை மட்டுமே தேர்வு செய்யும்படி கேள்வியை அமையுங்கள். பல அமர்வுகளைத் தேர்வு செய்ய விட்டால் எல்லாம் காற்புள்ளியோடு ஒரே கட்டத்தில் வந்து சேரும். கீழே அமர்வை வைத்து எண்ணும் சூத்திரங்கள் எதுவும் சரியாக வேலை செய்யாது.

இரண்டு வரிகள் ஒரே ஆளுடையவையா என்பதை எதை வைத்துச் சொல்வது? பெயரை நம்ப முடியாது. ‘க. முருகன்’ என்று ஒருமுறை எழுதியவர் அடுத்த முறை ‘முருகன் க’ என்று எழுதுவார். கைபேசி எண் மேலானது. ஆனால் அதையும் ஒருவர் +91 சேர்த்தும், முன்னால் சுழியம் போட்டும், நடுவில் இடைவெளி விட்டும் எழுதுகிறார். அதனால் எண்ணைச் சுத்தம் செய்து F நெடுவரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். F1 கட்டத்தில் இதை ஒட்டுங்கள்:

```
=ARRAYFORMULA(IF(ROW(C1:C)=1,"அடையாளம்",IF(C1:C="","","T"&RIGHT(REGEXREPLACE(TO_TEXT(C1:C),"[^0-9]",""),10))))
```

இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வலது பக்கத்து 10 இலக்கங்களை மட்டும் இது எடுக்கிறது. +91 12345 67890, 01234567890, 1234567890 ஆகிய மூன்றும் T1234567890 என்றே வந்து நிற்கும். முன்னால் இருக்கும் T, தாள் இதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகவே வைத்துக்கொள்வதற்காக. சூத்திரத்தைத் தலைப்பு வரியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு புதிய பதிவுக்கும் கூகுள் படிவம் ஒரு வரியைப் புதிதாகச் செருகுகிறது. நீங்கள் இரண்டாம் வரியிலிருந்து இழுத்து நிரப்பிய சூத்திரம் அந்தப் புதிய வரிக்குப் போய்ச் சேராது. முதல் வரியில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

G நெடுவரிசைக்கு ‘முடிவு’ என்று தலைப்பிடுங்கள். G2-விலிருந்து கீழே உள்ள கட்டங்களைத் தேர்ந்து, `Insert > Dropdown` வழியாக ‘நீக்கு’, ‘சரி’ என்ற இரண்டு சொற்களை மட்டும் கொடுங்கள். இதைக் கையால்தான் நிரப்பப்போகிறோம்.

இரட்டைப் பதிவுக்கு நிறம்

பதிவுத் தாளில் `Format > Conditional formatting` திறந்தால் வலப்பக்கம் ஒரு பலகை வரும். `Apply to range` என்ற இடத்தில் A2:G1000 என்று கொடுங்கள். `Format cells if` என்பதற்குக் கீழே உள்ள பட்டியலின் கடைசியில் `Custom formula is` இருக்கும். அதைத் தேர்ந்து இந்தச் சூத்திரத்தை இடுங்கள்:

```
=AND($F2<>"",$G2="",COUNTIFS($F$2:$F,$F2,$E$2:$E,$E2)>1)
```

நிறத்துக்கு ஆரஞ்சு கொடுத்து `Done` அழுத்துங்கள். ஒரே எண், ஒரே அமர்வு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் இருந்தால் அந்த வரிகள் முழுவதும் ஆரஞ்சாகும்.

டாலர் குறிகளைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். $F2 என்றால், நெடுவரிசை F-ஐ விட்டு நகரக்கூடாது, வரி எண் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் தக்கபடி மாறலாம் என்று பொருள். அந்த டாலரை விட்டுவிட்டால் A கட்டம் F-ஐப் பார்க்கும், B கட்டம் G-ஐப் பார்க்கும். வரி முழுவதும் நிறம் பெறாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்ததுபோல் தெரியும். இன்னொரு தவறு, வரம்பை A1-இல் தொடங்கிவிட்டுச் சூத்திரத்தில் $F2 என்று எழுதுவது. அப்போது ஒவ்வொரு நிறமும் சரியான வரிக்கு ஒரு வரி மேலே விழும். வரம்பு தொடங்கும் வரியும் சூத்திரத்தில் உள்ள வரி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து `Add another rule` அழுத்தி, அதே வரம்புக்கு இரண்டாவது விதி. ஒரே ஆள் இரண்டு வெவ்வேறு அமர்வுகளில் பதிந்திருந்தால் வெளிர் நீலம்:

```
=AND($F2<>"",$G2="",COUNTIF($F$2:$F,$F2)>1)
```

அமர்வுகள் வேறு வேறு நேரத்தில் நடந்தால் இது தவறே அல்ல. இந்த விதியே வேண்டாம். எங்கள் முகாமில் எல்லா அமர்வுகளும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆகவே நீல வரி என்றால் அவர் மனம் மாறியிருக்கிறார் என்று பொருள். பிந்திய நேரத்தில் வந்த பதிவுதான் அவர் விருப்பமாக இருக்கும் என்றாலும், ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஆரஞ்சு விதி பலகையில் மேலே இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு இரண்டு விதிகள் பொருந்தினால், மேலே உள்ள விதியின் நிறமே நிற்கும். வரிசை மாறியிருந்தால் விதியைப் பிடித்து இழுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது விதி எளியது. `=$G2="நீக்கு"` என்று கொடுத்து, சாம்பல் எழுத்தும் நடுக்கோடும் வையுங்கள்.

நிறம் வந்தவுடன் வரியை அழித்துவிடாதீர்கள். எங்கள் 26 வரிகளைப் பிறகு இந்தத் தாளில் போட்டுப் பார்த்தபோது 12 வரிகள், அதாவது ஆறு இணைகள், ஆரஞ்சாயின. ஐந்து இணைகள் உண்மையான இரட்டைப் பதிவு. ஆறாவது, ஒரு தாயும் அவர் மகனும்; இருவருக்கும் ஒரே கைபேசி எண். தானாகவே கழிக்கும் சூத்திரம் வைத்திருந்தால் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி இல்லாமல் போயிருக்கும். ஆகவே உண்மையான இரட்டையில் ஒன்றுக்கு ‘நீக்கு’, மற்றதற்குச் ‘சரி’. தாய், மகன் இருவருக்கும் ‘சரி’. முடிவு எழுதியவுடன் ஆரஞ்சு மறையும். ஆகவே எந்த நேரத்தில் தாளைத் திறந்தாலும், நிறத்தோடு இருப்பவை நீங்கள் இன்னும் பார்க்காத பதிவுகள் மட்டுமே. அதே ஆள் மூன்றாம் முறை பதிந்தாலும் அந்தப் புதிய வரி தனியாக நிறம் காட்டும்.

அமர்வு நிரம்புவதற்கு நிறம்

‘அமர்வுகள்’ என்று இன்னொரு தாள். A-யில் அமர்வின் பெயர், B-யில் இருக்கை, C-யில் பதிந்தவர்கள், D-யில் மீதம். C2-வில்:

```
=COUNTIF('பதிவு'!$E$2:$E,$A2)-COUNTIFS('பதிவு'!$E$2:$E,$A2,'பதிவு'!$G$2:$G,"நீக்கு")
```

மொத்த வரிகளிலிருந்து நீக்கியவற்றைக் கழிக்கிறோம். மின்னூல் அமர்வுக்கு 26-இல் 5 போக 21 வரும். D2-வில் `=B2-C2`, விடை 3. அன்று காலியாகக் கிடந்த அதே மூன்று நாற்காலிகள்.

பதிவுகள் இருந்தும் C-யில் சுழியம் வந்தால் அமர்வுப் பெயர் பொருந்தவில்லை என்று பொருள். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கலாம். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வேறு. கணக்கில் சேராமல் போகலாம். ‘ஔ’ எழுத்தை ஒ, ள என்று தட்டுவதும் அப்படியே. பெயரைத் திரும்பத் தட்டாமல், படிவத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

இப்போது A2:D50 வரம்புக்கு இரண்டு விதிகள். மேலே சிவப்பு:

```
=AND($B2>0,$C2>=$B2)
```

அதற்குக் கீழே மஞ்சள்:

```
=AND($B2>0,$B2-$C2<=MAX(5,$B2*0.1))
```

பலரும் மஞ்சளுக்கு 90 விழுக்காடு என்று மட்டும் வைப்பார்கள். 150 இருக்கை அரங்கத்துக்கு அது சரி. 15 இடங்கள் இருக்கும்போதே தெரிந்துவிடும். 24 இருக்கை ஆய்வகத்தில் அப்படி வைத்தால் இரண்டே இடங்கள் மிச்சமிருக்கும்போதுதான் மஞ்சள் வரும். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்தால் அந்த இரண்டும் நொடியில் போய்விடும். மேலே உள்ள சூத்திரம் பத்தில் ஒரு பங்கு, ஐந்து இடங்கள் இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்கிறது. ஆய்வகம் 19 பேரிலேயே மஞ்சளாகும், அரங்கம் 135-இல். சிவப்பு விதி கீழே போய்விட்டால் நிரம்பிய அமர்வும் மஞ்சளாகவே நிற்கும். சோதித்துப் பார்க்க B2-வில் 24-ஐத் தற்காலிகமாக 21 ஆக்குங்கள். சிவப்பு வர வேண்டும். பார்த்தபின் மறக்காமல் 24 ஆக்கிவிடுங்கள்.

எக்செலில் இதே இடம் `Home > Conditional Formatting > New Rule` என்பதில் `Use a formula to determine which cells to format`. அங்கே $F$2:$F என்று முடிவில்லாமல் விட முடியாது; $F$2:$F$1000 என்று எழுத வேண்டும். F1-இல் உள்ள சூத்திரமும் அப்படியே அங்கே ஓடாது. எக்செலில் ஆயத்தமாக இருக்கும் `Duplicate Values` விதி தேர்ந்த கட்டங்களில் ஒரு மதிப்பு திரும்ப வருகிறதா என்று மட்டுமே பார்க்கும். எண்ணும் அமர்வும் சேர்ந்து திரும்புகிறதா என்று பார்க்காது.

சிவப்பு வந்தாலும் படிவம் தானாக மூடிக்கொள்ளாது. படிவத்தைத் திறந்து அந்த அமர்வின் பெயரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே வந்த பதிவுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நான் மஞ்சள் வந்ததும் முதலில் பதிவுத் தாளுக்குப் போய் ஆரஞ்சு, நீல வரிகளுக்கெல்லாம் முடிவு எழுதிவிடுகிறேன். அதன் பிறகும் மீதம் இரண்டுக்குக் கீழே வந்தால்தான் பெயரை எடுக்கிறேன். பட்டியலில் அதற்குப் பதிலாக ‘மின்னூல் ஆக்கம், காத்திருப்போர்’ என்று ஒன்றைச் சேர்த்து வைக்கிறேன். யாராவது வரவில்லை என்று சொன்னால் அழைப்பதற்கு அந்தப் பெயர்கள் வரிசையாக அங்கேயே இருக்கின்றன.