கண்ணாடி விரியன் கடி: விஷமுறிவு மருந்தில் நேரத்தைத் தவறவிடும் பிழைகள்

இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்துச் செய்வது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக சென்னையை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. தடுப்பூசி போட்டால் நம் உடலே எதிர்ப்பைத் தயாரிக்கும். இங்கே தயாரித்தது குதிரை. நமக்கு வருவது இரவல். அதனால் ஏற்றியவுடனே வேலை செய்யும், சில நாட்களில் தீர்ந்தும் போகும். பிறகு இன்னொரு முறை கடிபட்டால் முதலிலிருந்து மருந்து போட வேண்டியதுதான்.

கண்ணாடி விரியன் கடித்தவரிடம் நடக்கும் பெரும்பாலான தவறுகள், இந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற குழப்பத்திலிருந்தே வருகின்றன. இந்த விஷம் ரத்தம் உறைவதைத் தடுப்பதில்லை. தேவையில்லாமல் உறைய வைக்கிறது. உறைதலுக்கான பத்தாம், ஐந்தாம் காரணிகளைத் தூண்டிவிடுவதால், நாளங்களுக்குள்ளேயே நுண்ணிய உறைவுகள் உருவாகிக் கரைந்து, ரத்தத்தில் உறைவை உருவாக்கும் புரதமான பைப்ரினோஜன் செலவாகிவிடுகிறது. இருப்பு தீர்ந்த பிறகுதான் ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் கசிகிறது. விஷமுறிவு மருந்து விஷத்தைப் பிடித்து முடக்கும். தீர்ந்த பைப்ரினோஜனைத் தராது. அதைக் கல்லீரல்தான் திரும்பத் தயாரிக்க வேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும்.

இதை வைத்து ஓர் உதாரணம் பார்ப்போம். மாலை 6 மணிக்குக் கடிபட்டவர் 7 மணிக்கு மருத்துவமனைக்கு வருகிறார். நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். 7.20-க்கு உறைந்திருந்தால் விஷம் ஏறவில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது அடுத்த தவறு. இருப்பு இன்னும் தீராமல் இருக்கலாம். முதல் 3 மணி நேரம் மணிக்கு ஒரு முறையும், பிறகு 24 மணி நேரம் வரை 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

8.20-க்குச் சாய்த்தபோது ரத்தம் உறையாமல் ஓடியது என்று வையுங்கள். 10 குப்பிகளைச் சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். ஒரு குப்பி 10 மி.லி.; ஒரு மி.லி. 0.6 மி.கி. கண்ணாடி விரியன் விஷத்தை முடக்கும். ஆக 10 குப்பி 60 மி.கி.க்குச் சரி. இந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக இறக்குவதும் அந்த அளவை ஒட்டித்தான். பாம்பு ஆள் பார்த்து அளவு குறைப்பதில்லை என்பதால் குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். எடைக்கேற்பக் குறைப்பது ஆபத்து.

மருந்து முடிந்த ஒரு மணி நேரத்தில் குழாய் உறையவில்லையே என்று பதறி மேலும் குப்பிகளை உடைப்பதும் நடக்கிறது. கல்லீரலுக்கு அவகாசமே தராமல் பார்த்த பரிசோதனை அது. 6 மணி நேரம் கழித்து, அதாவது அதிகாலை 3.30 வாக்கில் பார்த்து, அப்போதும் உறையாவிட்டால்தான் அடுத்த தவணை. உறைந்துவிட்டாலும் கதை முடியவில்லை. கடிவாயில் தேங்கிய விஷம் மெல்ல ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்க, இரவல் ஆன்டிபாடி குறைந்துகொண்டே வரும். மறுநாள் உறைதல் மீண்டும் கெடலாம். இந்த நேரத்தில் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும். டெட்டனஸ் ஊசி, உறைதல் சீரான பிறகு போதும்.

குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரும் என்று அஞ்சி, தோலில் துளி குத்திப் பார்ப்பது பழைய பழக்கம். யாருக்கு ஒவ்வாமை வரும் என்று அது காட்டுவதில்லை, நேரம்தான் போகும். மருந்தை ஏற்றி, பக்கத்திலேயே அட்ரினலினைச் சிரிஞ்சில் தயாராக வைத்திருப்பதே சரி. தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு தொடங்கினால் மருந்தை நிறுத்தி, பெரியவருக்குத் தொடைத் தசையில் 0.5 மி.கி. கொடுப்பார்கள். உறைதல் கெட்டிருந்தாலும் உயிர் காக்கும் இந்த ஊசி விதிவிலக்கு. நிலை தேறியதும் விட்ட மருந்தைத் தொடர வேண்டும். அரைகுறையாக நிறுத்திவிடக் கூடாது.

பலரும் கோட்டைவிடுவது அதன் பிறகு வருவதை. வீடு திரும்பி ஒரு வாரம் ஆகும்போது காய்ச்சல், அரிப்பு, மூட்டு வலி, நெறி கட்டுதல் வரலாம். நம் உடல் குதிரைப் புரதத்துக்கு எதிராகத் தானே ஆன்டிபாடி தயாரித்து, இரண்டும் பிணைந்து மூட்டிலும் சிறு ரத்த நாளங்களிலும் படிவதால் வரும் சீரம் நோய் இது. விஷம் திரும்பிவிட்டது என்று மறுபடி விஷமுறிவு மருந்து கேட்டால் அதே புரதம் இன்னும் சேரும். ஒவ்வாமை மாத்திரையும், தேவைப்பட்டால் 5 முதல் 7 நாள் பிரெட்னிசோலோனும் போதும். ஆனால் சிறுநீர் குறைவது வேறு விஷயம்: அது கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியதன் அடையாளம். அதற்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும்.