தீபாவளி நேரத்து கார்ட் மெயில் எப்போது நச்சரிப்பாகிறது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக்கடை. கூடவே இணையத்திலும் விற்பனை. தீபாவளி நெருங்கும்போது கார்ட்டில் சேலையைப் போட்டுவிட்டு, பணம் கட்டாமல் போனவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அத்தனை பேருக்கும் "மறந்துவிட்டீர்களா?" என்று ஒரே மெயிலைத் தட்டிவிடுவதுதான் பெரும்பாலான கடைகள் செய்யும் தவறு.

மறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஒரு பகுதிதான். சிலர் கூரியர் கட்டணத்தைப் பார்த்து நின்றிருப்பார்கள். சிலர் வீட்டில் கேட்டுச் சொல்லலாம் என்று வைத்திருப்பார்கள். பண்டிகை நெரிசலில் யுபிஐ பாதியில் தொங்கி நின்றவர்களும் அதே பட்டியலில்தான் வருவார்கள், அவர்களிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். அவர்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், கடைக்கு உறுதி வந்திருக்காது. அந்தப் பதற்றத்தில் இருப்பவரிடம் போய் "உங்கள் சேலை காத்திருக்கிறது" என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அதனால் மெயில் போகும் முன் பேமெண்ட் கேட்வே பட்டியலில் அதே தொகை, அதே நேரத்தில் தோற்றுப்போன முயற்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கமான மெயிலை நிறுத்திவிட்டு, "பணம் எங்களுக்கு வந்து சேரவில்லை. உங்கள் கணக்கில் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். உடனே மறுபடி பணம் கட்டச் சொல்ல வேண்டாம். அவசரமாக வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

அடுத்தது நேரமும் எண்ணிக்கையும். ஒரு மணி நேரத்தில் ஒன்று, அன்று இரவே ஒன்று, மறுநாள் இரண்டு என்று போனால், நல்ல விலையில் நல்ல சேலை இருந்தாலும் கடையின் பெயரே அலுத்துவிடும். கோவையிலிருந்து ஒருவர் வியாழன் இரவு ஒன்பதரைக்கு இரண்டு சேலைகளை எடுத்துவைத்து, 90 ரூபாய் கூரியர் கட்டணம் தெரிந்ததும் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி அடுத்த வாரம் ஞாயிறு. வெள்ளி காலை பத்தரைக்கு ஒரு மெயில் போதும்:

"நீங்கள் எடுத்துவைத்த கருநீலச் சுங்குடி

வணக்கம். நேற்று பார்த்த கருநீலமும் அரக்கும் இன்னும் விற்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கூரியர் 90 ரூபாய். தீபாவளிக்கு முன் கோவைக்கு வந்து சேர, செவ்வாய் மாலை 4 மணிக்குள் ஆர்டர் செய்தால் சரி. அன்று காலை ஒருமுறை மட்டும் நினைவூட்டுவோம். அதுவும் வேண்டாம் என்றால் கீழே உள்ள இணைப்பை அழுத்துங்கள்."

பொத்தான் அவருடைய கார்ட்டுக்கே நேராகப் போக வேண்டும், கடையின் முகப்புப் பக்கத்துக்கு அல்ல. இரண்டாவது மெயில் செவ்வாய் காலை. அதற்குமேல் வேண்டாம். இடையில் அவர் வாட்ஸப்பிலோ கடைக்கு நேரில் வந்தோ வாங்கியிருந்தால், அந்தக் கணக்கையும் கையால் சேர்த்து மெயிலை நிறுத்த வேண்டும். மென்பொருளுக்கு இணைய ஆர்டர் மட்டும்தான் தெரியும். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் போனவருக்கு மாலையில் நினைவூட்டல் போவது கடைக்கு அழகில்லை.

அந்த "இன்னும் விற்கவில்லை" என்ற வரியில் கவனம். பெரும்பாலான இணையக் கடைகளில் கார்ட்டில் போட்டதால் பொருள் ஒதுக்கப்படுவதில்லை. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியில் ஒரு நிறத்தில் ஒரே ஒரு சேலை இருப்பதும் உண்டு. மெயில் போகும் நேரத்தில் இருப்பைச் சரிபார்க்க மென்பொருளில் வழியில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆசையாக அழுத்திப் பார்த்தவருக்கு "ஸ்டாக் இல்லை" என்று வருவதைவிட அது மேல்.

இதற்கு நேரெதிரானது பொய் அவசரம். கிடங்கில் நாற்பது சேலை கிடக்க "கடைசி இரண்டு!" என்பது, திறக்கும்போதெல்லாம் புதிதாக ஓடும் கடிகாரம் வைப்பது. இவை நாகரிகப் பிரச்சினை மட்டுமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்யும் 13 ஏமாற்று உத்திகளில் பொய் அவசரமும் ஒன்று, "இல்லை, எனக்குச் சேமிக்க விருப்பமில்லை" என்பது போல வாடிக்கையாளரைக் கூச வைக்கும் பொத்தானும் ஒன்று. பண்டிகைக் காலத்தில் உண்மையான கெடு ஒன்று கையிலேயே இருக்கிறது: கூரியர்காரர் எந்த நாள்வரை எடுத்தால் எந்த ஊருக்குத் தீபாவளிக்குள் போகும் என்பது. கோவைக்கும் டெல்லிக்கும் அது வேறு வேறு. அவரிடம் கேட்டு, ஒரு நாள் முன்னதாகவே கெடு வைத்து எழுதினால், கடிகாரம் எதுவும் வேண்டாம்.

கடைசியாகக் கூப்பன். முதல் மெயிலிலேயே பத்து சதவீதம் குறைத்தால், அடுத்த முறை வேண்டுமென்றே கார்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிக்கொள்வார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர் அதைக் கேள்விப்பட்டால் மனத்தாங்கல் வேறு. கோவைக்காரர் நின்றது கூரியர் கட்டணத்தில்தான். இரண்டு சேலை எடுத்தாலே கூரியர் இலவசம் என்று கொடுக்க முடியுமானால், அதைச் சேலையின் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியப் போட்டுவிடலாம், அப்போது அவருக்கு மெயிலே தேவைப்படாமல் போகலாம்.