இறந்தவரின் ஃபேஸ்புக் கணக்கு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு துக்க வீட்டில், இன்னும் காரியம்கூட முடியவில்லை, அக்கா மகன் வந்து "மாமா, பெரியப்பா ஃபேஸ்புக்கை நினைவுக் கணக்கா மாத்தச் சொல்லி இரங்கல் செய்தி லிங்க்கோட அனுப்பிட்டேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில வருஷம் முன்னால் நான் செய்த அதே வேலை.

எதையும் பார்க்காமல் பூட்டச் சொல்வது

நினைவுக் கணக்கானதும் பெயரோடு Remembering என்று வரும், பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது, பழைய பதிவுகள் அவர் யாருக்குக் காட்டினாரோ அவர்களுக்குத் தெரியும். எல்லாம் நல்லதுதான். ஆனால் பாஸ்வேர்டு கையிலேயே இருந்தாலும் அப்புறம் ஒருவரும் உள்ளே போக முடியாது. என் சித்தப்பா பேரனுக்கு மெசஞ்சரில் கதை சொல்லிப் பேசி அனுப்பியதெல்லாம் சித்தியின் டேப்லெட்டில் திறந்தே கிடந்தது. அடுத்தவர் கணக்கைத் திறப்பதே விதிப்படி கூடாது என்பது வேறு விஷயம். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கோரிக்கை அனுப்பினேன், சில நாளில் டேப்லெட்டில் லாகின் திரை வந்து நின்றது. சித்தி என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெர்லினில் 2012-ல் 15 வயது மகளை ரயில் மோதிப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதைவிட மோசம். அம்மாவிடம் பாஸ்வேர்டு இருந்தது, ஆனால் அதற்குள் கணக்கு நினைவுக் கணக்காகிவிட்டது. விபத்தா, தற்கொலையா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் வழக்குப் போட்டார்கள். கணக்கும் வாரிசுக்கே சேரும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்ன பிறகும், கையில் கிடைத்தது 14,000 பக்கத்துக்கு மேல் ஒரு பிடிஎஃப். இது போதாது, கணக்கையே பார்க்க விட வேண்டும் என்று 2020-ல் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் ஜெர்மனி சட்டப்படி மட்டும்.

Legacy contact என்றால் சாவி என்று நினைப்பது

Legacy contact என்பது, தான் இறந்த பிறகு நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்பே நியமித்து வைக்கும் ஆள். அந்த ஆள் கணக்கின் மேலே ஒரு பதிவை நிறுத்தி வைக்கலாம், படத்தை மாற்றலாம், புதிதாக வரும் நட்புக் கோரிக்கையை ஏற்கலாம், கணக்கை நீக்கச் சொல்லலாம். இறந்தவர் முன்பே அனுமதித்திருந்தால் அவர் பகிர்ந்தவற்றின் நகலையும் இறக்கிக்கொள்ளலாம். மெசேஜ் மட்டும் கிடைக்காது. இறந்த பிறகு குடும்பத்தார் போய் யாரையும் நியமிக்கவும் முடியாது. உயிரோடு இருக்கும்போதே Accounts Center-ல் Memorialization பகுதிக்குப் போய் வைத்திருக்க வேண்டும்.

நீக்கச் சொல்வது

நெருங்கிய உறவு கேட்கலாம், இறப்புச் சான்றிதழின் ஸ்கேன் போதும். போனால் திரும்பி வராது.

பக்கத்துக்கு ஒரே அட்மின்

ஃபேஸ்புக் பக்கம் ஒன்றுக்கு இருந்த ஒரே அட்மினின் கணக்கு நினைவுக் கணக்கானால் அந்தப் பக்கமும் எடுக்கப்பட்டுவிடும். அக்கா மகனிடம் அடுத்துக் கேட்டது இதைத்தான், பெரியப்பாவின் கடைப் பக்கத்துக்கு வேறு அட்மின் உண்டா என்று.

"அவர் மட்டும்தான் மாமா."