06/11/23 எந்த நாள்? குழந்தையோடு அமெரிக்கா போகிறவர்கள் தடுப்பூசி அட்டையை ஒருமுறை பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கமிருந்து குழந்தையோடு அமெரிக்கா கிளம்பும் குடும்பங்கள் பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் நாலு தடவை சரிபார்த்துதான் பெட்டியில் வைக்கிறார்கள். தடுப்பூசி அட்டை மட்டும் கடைசி நாளில் பீரோவிலிருந்து வந்து பைல் நடுவில் சொருகப்படுகிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு முதலில் வம்பு பண்ணுவது அந்த அட்டைதான். ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், தேதி எழுதிய விதத்தால் போடாத கணக்காகிவிடும்.

விஷயம் இதுதான். நாம் 06/11/23 என்று எழுதினால் நவம்பர் 6. அமெரிக்கர் அதைப் படித்தால் ஜூன் 11. அவர்களுக்கு முதலில் மாதம், பிறகு நாள். நாள் முதலில் வரும் நம் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்து அலுவலக எழுத்திலிருந்து வந்தது. வாயால் சொல்லும்போது நாமும் மாதத்தைத்தான் முதலில் சொல்கிறோம்: "நவம்பர் ஆறாம் தேதி", "தை பத்து". அமெரிக்கர்கள் சொல்கிற வரிசையிலேயே எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

நாள் 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழப்பம் வராது, 13ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே. 1 முதல் 12 வரையுள்ள தேதிகள்தான் ஆபத்து. மாதத்துக்கு 12 தேதிகள், 12 மாதங்கள் என்றால் 144. அதில் 11/11 போல நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 தேதிகளைக் கழித்தால் 132. வருடத்தில் இந்த 132 நாட்கள் திருப்பிப் படித்தாலும் ஒரு நிஜமான தேதியாகவே நிற்கும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இப்போது ஒரு அட்டையை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தது 2022 ஆகஸ்ட் 5. தனியார் குழந்தை மருத்துவரிடம் ஊசி போட்ட குழந்தை. நர்ஸ் பால்பாயின்ட் பேனாவால் வேகமாக எழுதிய வரிகள் இப்படி இருக்கும். பிறந்த மறுநாள் பி.சி.ஜி.யும் போலியோ சொட்டும்: 06/08/22. ஆறாவது வாரம்: 16/09/22. பத்தாவது வாரம்: 14/10/22. பதினாலாவது வாரம்: 11/11/22. ஒன்பது மாதத்தில் முதல் எம்.எம்.ஆர்.: 15/05/23. பதினைந்து மாதம் முடிந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அதனால் மறுநாள் திங்களன்று இரண்டாவது எம்.எம்.ஆர்., கூடவே சின்னம்மை ஊசியான வேரிசெல்லா: 06/11/23. மற்ற வரிகளை விட்டுவிடுவோம்.

அங்கே கிளினிக்கில் நர்ஸ் இதைக் கணினியில் ஏற்றுகிறார். திரையில் கட்டத்தின் மேல் `MM/DD/YYYY` என்று இருக்கும். 16/09, 14/10, 15/05 மூன்றையும் கணினியே ஏற்காது, அதனால் அவர் திருப்பிப் போட்டுவிடுவார், அவை சரியாகப் பதிவாகும். 11/11 எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். 06/11/23 போகும்போது எந்தத் தடையும் இல்லை, 2023 ஜூன் 11 என்று அமைதியாகப் பதிவாகிவிடும். ஒரே அட்டையில் பாதி சரி, பாதி தப்பு. முழு அட்டையும் தப்பாகப் போயிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். பாதி சரியாக இருப்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதனால் என்ன நஷ்டம்? எம்.எம்.ஆர்., வேரிசெல்லா இரண்டுக்கும் அமெரிக்காவில் விதி ஒன்றுதான்: முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்ட டோஸ் கணக்கில் வராது. நாலு நாள் வரை முந்திப் போட்டிருந்தால் மருத்துவ விதி விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் கிடையாது. நம் குழந்தையின் ஒன்பது மாத எம்.எம்.ஆர். எப்படியும் அவர்கள் கணக்கில் சேராது. அது நியாயம்தான். பதினைந்து மாதத்து ஊசி கட்டாயம் சேர வேண்டும். ஆனால் ஜூன் 11 என்று பதிவானால் அன்றைக்குக் குழந்தைக்குப் பத்து மாதம், ஆறு நாள்தான் வயது. எம்.எம்.ஆர். செல்லாது, வேரிசெல்லாவும் செல்லாது. சட்டப்படி ஒரு எம்.எம்.ஆர். கூடப் போடாத குழந்தை. டே கேர் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் மறுபடி ஊசி போட்டு வரச் சொல்வார்கள். இன்னொரு தடவை போடுவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் புது ஊரில் காப்பீடு இன்னும் தொடங்காத வாரத்தில் கைக்காசு கொடுத்து, அழுகிற பிள்ளைக்குத் தேவையில்லாமல் இரண்டு ஊசி என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். இதே குழந்தைக்கு ஒன்பது மாத ஊசியை மே 8 அன்று போட்டு 08/05/23 என்று எழுதியிருந்தால், அங்கே அது ஆகஸ்ட் 5 ஆகும். சரியாக முதல் பிறந்தநாள். செல்லாத டோஸ் செல்லும் என்று ஆகிவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பள்ளியிலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் குழந்தைக்கு ஒரு டோஸ் குறைவு. தப்பு நமக்குச் சாதகமாக விழுந்தாலும் திருத்தச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒரே வேலை. ஊசி போட்ட மருத்துவரிடம் போய், அவருடைய லெட்டர்ஹெட்டில் முழுப் பட்டியலையும் புதிதாக எழுதி வாங்குங்கள். மாதம் எழுத்தில், வருடம் நாலு இலக்கத்தில் இருக்க வேண்டும்:

```
06 NOV 2023
```

இதை உலகத்தில் யாரும் தப்பாகப் படிக்க முடியாது. குழந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரிவு உட்பட. பிறந்த தேதியும் இதே முறையில். ஒவ்வொரு வரியிலும் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயர், எத்தனையாவது டோஸ் என்பதும் இருக்கட்டும், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே பலருக்குத் தெரியாது. கீழே கையெழுத்து, முத்திரை, மருத்துவரின் பதிவு எண். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகளுக்கு அங்கேயே கேளுங்கள். அவர்களால் தனியாக எழுதித்தர முடியாவிட்டால், பழைய அட்டையைக் காட்டி, அதைப் பார்த்து எழுதியது என்ற குறிப்போடு உங்கள் குழந்தை மருத்துவரிடம் பட்டியல் வாங்கலாம். அரசு அட்டையில் எம்.ஆர். என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து கிடையாது. எம்.எம்.ஆர். கேட்கும் பள்ளியில் அதனால் வரும் சிக்கல் தேதிச் சிக்கல் அல்ல, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய அட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். "நாமே மாதத்தைப் பக்கத்தில் எழுதிவிடலாமே" என்று வேறு மையில் எழுதினால் திருத்திய அட்டை மாதிரி தெரியும், மொத்த அட்டை மேலேயே நம்பிக்கை போய்விடும். அசல் அப்படியே இருக்கட்டும், புதுப் பட்டியலை அதன்மேல் பின் பண்ணுங்கள்.

ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? முதல் நாள் கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன், ஏற்றிய பதிவின் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். காருக்குள் உட்கார்ந்து அட்டையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். மூன்று அடையாளங்கள் தப்பைக் காட்டிக்கொடுக்கும். பிறப்பதற்கு முன்னால் ஊசி போட்டதாக ஒரு வரி இருக்கும்: நம் அட்டையின் 06/08/22 ஜூன் 8 ஆகி, குழந்தை பிறக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பே பி.சி.ஜி. போட்டதாக ஆகும். அங்கே பள்ளிகள் பி.சி.ஜி. கேட்பதில்லை, அதனால் அந்த வரியை ஏற்றாமலேயே விட்டுவிடவும் கூடும். அப்படி ஒரு வரி காணாமல் போயிருந்தாலே சந்தேகப்படுங்கள். அடுத்தது, கீழே போகப் போக முன்னேற வேண்டிய தேதிகள் நடுவில் பின்னால் குதிக்கும். மூன்றாவது, இரண்டு டோஸுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கும்: நம் கணக்கில் மே 15க்கும் நவம்பர் 6க்கும் இடையே ஐந்தரை மாதத்துக்கும் மேல் இருக்க, அவர்கள் திரையில் மே 15, ஜூன் 11 என்று 27 நாள்தான் நிற்கும். எம்.எம்.ஆர். டோஸ்களுக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும்.

திருத்தச் சொல்லும்போது வாதம் வேண்டாம். அட்டையில் 16/09/22 என்ற வரியைக் காட்டுங்கள். "இந்த வரி நாள் முதலில்தான் இருக்க முடியும், ஒரே கை ஒரே அட்டையில் எழுதியது, ஆகவே எல்லா வரியும் அப்படித்தான்" என்பதே பலமான சாட்சி. குழந்தையின் பிறந்த தேதியிலேயே குழப்பம் என்றால் பாஸ்போர்ட்டைத் திறந்து, கீழே அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியில் இரண்டாவதைக் காட்டுங்கள். அங்கே தேதி எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான்: `220805`. அமெரிக்க விசா ஒட்டிய பக்கத்தில் `05AUG2022` என்று மாதம் எழுத்திலேயே இருக்கும், அது அவர்கள் அரசே அச்சடித்தது. கிளினிக் தன் பதிவைத் திருத்தியதும், மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டுக்கும் திருத்தம் போனதா என்று கேளுங்கள். அங்கே பழைய தேதியே நின்றால் அடுத்த பள்ளியில் அதுதான் மறுபடி வரும்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கேயும் நாள்தான் முதலில். கனடாவில் இரண்டு முறையும் புழங்குகிறது, கூடவே வருடம் முதலில் எழுதும் அரசு முறையும் உண்டு. அங்கே எந்தப் படிவத்திலும் கட்டத்துக்குக் கீழே உள்ள எழுத்துகளைப் படித்த பிறகே பேனாவை வையுங்கள்.

இரண்டு வருடம் கழித்து லீவுக்கு வரும்போது இதே தவறு திரும்பி நடக்கும். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும்போது பக்கத்து மருத்துவரிடம் பூஸ்டர் போடுவீர்கள், அவர் அமெரிக்கப் பதிவுத் தாளின் கடைசி வரியில் தன் பழக்கப்படி 04/07 என்று எழுதித் தருவார். மேலே உள்ள வரிகளில் மாதம் முதலில், இந்த ஒரு வரியில் நாள் முதலில். அவர் பேனாவை மூடுவதற்குள் "டாக்டர், மாதத்தை எழுத்தில் போட்டுக்கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.